ஓரத்தில் வெட்டுப்பட்ட கை: கிராப் செய்வதா, ஒட்டிச் சேர்ப்பதா? பரதநாட்டியப் படங்களுக்கான கேள்வி பதில்

அரங்கேற்றங்களைப் படம் எடுத்து, திருத்தி, ஆல்பமாகக் கொடுப்பது என் தொழில். கூட வேலை செய்யும் தம்பிகளும், பிள்ளைகளின் படத்தைத் தாங்களே திருத்திப் பார்க்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

கை நுனி பிரேமுக்கு வெளியே போய்விட்டது. கிராப் பண்ணலாமா, எடிட்டிங்கில் கையைச் சேர்க்கலாமா? முதலில் ஒரே வரியில் சொல்லுங்கள்.

அதே அசைவில், ஒரு நொடிக்குள் எடுத்த வேறு பிரேமில் அந்தக் கை முழுசாக இருந்தால் சேர்க்கலாம். இல்லையென்றால் கிராப்.

காரணம் முத்திரை. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் ஒரு மாமாவின் விரல் நுனி போயிருந்தால், அங்கே எந்த விரலை வரைந்து வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பரதத்தில் அப்படி முடியாது. விரல்களை நீட்டிச் சேர்த்து, கட்டைவிரலை மட்டும் மடக்கினால் பதாகம். அதிலேயே மோதிர விரலை மடக்கினால் திரிபதாகம். கூடவே சுண்டுவிரலும் மடங்கினால் அர்த்தபதாகம். ஒரு விரல் இடம் மாறினால் பெயர் மாறும், பொருளும் மாறும். வெட்டுப்பட்ட இடத்தில் என்ன இருந்தது என்று ஊகித்து நீங்கள் வைக்கும் விரல், அந்தப் பெண் மேடையில் காட்டாத ஒன்றைக் காட்டியதாக ஆகிவிடும். பார்க்கிற குரு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

விரல் நுனி மட்டும்தானே போயிருக்கிறது. அப்படியே விட்டால் என்ன?

மற்ற படங்களில் சில நேரம் விடலாம். நடனப் படத்தில் அதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. தோளில் தொடங்கும் கோடு முழங்கை, மணிக்கட்டு வழியாக ஓடி விரல் நுனியில் முடிகிறது. பார்ப்பவர் கண்ணும் அந்தக் கோட்டின் மேலேயே போகிறது. கடைசி இரண்டு சென்டிமீட்டரில் கோடு அறுந்தால், எடுத்தவர் கவனிக்கவில்லை என்பதுதான் முதலில் தெரியும். அதே கையை மேற்கையின் நடுவிலேயே வெட்டியிருந்தால், முகத்தைக் காட்டத்தான் இப்படி எடுத்திருக்கிறார் என்று கண் ஒப்புக்கொள்ளும். கொஞ்சமாக வெட்டுப்பட்டது தவறாகவும், நிறைய வெட்டுப்பட்டது முடிவாகவும் தெரிகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று நடனம் கற்கும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருவார்கள். அதனால் பல படங்களில் நடனமணி பார்த்துக்கொண்டிருப்பதே வெட்டுப்பட்ட அந்தக் கையைத்தான். முடிவெடுக்கும் முன் நான் முதலில் கவனிப்பது இதை. பார்வை நேராகச் சபையை நோக்கி இருந்தால் கிராப் நன்றாக உட்காரும். பார்வை அந்தக் கையின் மேல் இருந்தால், கையை வெட்டியபின் அவள் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மாதிரிப் படத்துக்குத்தான் பக்கத்துப் பிரேம்களில் கையைத் தேடி நேரம் செலவழிக்கலாம். கிடைக்கவில்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படத்தை எடுத்துக்கொள்வேன்.

கிராப் செய்வதென்றால் கையை எந்த இடத்தில் வெட்டுவது?

மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் பிரேமின் ஓரம் வந்து நின்றால், உறுப்பு அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். இரண்டு மூட்டுக்கு நடுவில் வெட்டினால், பிரேமுக்கு வெளியே மீதிக் கை இருக்கிறது என்று மனசு தானாகவே நிரப்பிக்கொள்ளும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் வெட்டலாம். அதைவிட, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் வெட்டுவது பெரும்பாலும் நன்றாக வரும்.

பரதப் படத்தில் கூடுதலாக ஒரு சிக்கல், நகை. மேற்கையில் வங்கி இருக்கும், மணிக்கட்டில் வளையல் இருக்கும். ஓரம் வங்கியின் நடுவே போனால் பாதி வங்கி மின்னிக்கொண்டு கண்ணை இழுக்கும். ஒன்று, வங்கி முழுசாக உள்ளே இருந்து அதன் கீழே கொஞ்சம் தோலும் தெரியட்டும். இல்லையென்றால் வங்கியே வெளியே போகட்டும்.

அப்புறம் சமச்சீர். நாட்டியாரம்பத்தில் இரண்டு கையும் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீண்டிருக்கும். இடது கை வெட்டுப்பட்டதால் இடது பக்கத்தை மட்டும் மேற்கை வரை கிராப் செய்து, வலது கையை விரல் நுனி வரை விட்டுவைத்தால், ஒரு பக்கம் கனத்த தராசு மாதிரி இருக்கும். சமச்சீரான நிலையில் ஒரு கையை வெட்டினால் மறு கையையும் அதே இடத்தில் வெட்டுங்கள். நன்றாக விழுந்த வலது கையையும் இழக்கிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். இருந்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது அது நடன நிலையின் படமாக இல்லாமல் முகத்தின் படமாக மாறுகிறது. முகத்தில் பாவம் இருந்தால் அது வேறொரு நல்ல படம். முகம் வெறுமையாக இருந்தால் கிராப் எதையும் காப்பாற்றாது.

அவ்வளவு உள்ளே வெட்டினால் பிரிண்ட் உடைந்துவிடாதா?

வெட்டும் முன் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் படம் 4000 × 6000 பிக்சல். அதில் இரண்டு மேற்கையின் நடுவிலும் வெட்டி, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, கீழே ஒட்டியாணம் வரை வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1900 × 2375 பிக்சல் மிஞ்சும். 8 × 10 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 237 பிக்சல் கிடைக்கும், கையில் வைத்துப் பார்க்க நன்றாகவே இருக்கும். அதையே 12 × 15 ஆக்கினால் 158. ஆல்பத்தில் இதுவரைக்கும் நான் போவேன். 150க்குக் கீழே இறங்கினால் கண் இமையும் நெற்றிச்சுட்டியின் கற்களும் மழுங்கத் தொடங்கும். ஆக இந்தக் கிராப் அரைப் பக்கத்துக்குச் சரி, முழுப் பக்கத்துக்கு ஆகாது. மேடையில் ஐஎஸ்ஓ 6400 மாதிரி ஏற்றி எடுத்த படமென்றால், கிராப் செய்து பெரிதாக்கும்போது புள்ளிப்புள்ளியான நாய்ஸும் சேர்ந்தே பெரிதாகும்.

கிராப் செய்யும்போது போட்டோஷாப்பில் `Delete Cropped Pixels` டிக்கை எடுத்துவிடுங்கள். நாளைக்கு வேறு அளவு கேட்டால் வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும்.

பாதம் வெட்டுப்பட்டால் என்ன செய்வது?

கை போனதைவிட இது கடினம். அரைமண்டியில் முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும், நடுவில் விசிறி மடிப்பு விரிந்திருக்கும். பாதம் போனதென்று தொடை மட்டத்தில் வெட்டினால் இரண்டு தொடையும் நீளவாக்கில் அறுபட்டு, விசிறி பாதியில் நிற்கும். அங்கே வெட்டுவதற்கு நல்ல இடமே கிடையாது. ஒட்டியாணத்துக்குச் சற்றுக் கீழே, விசிறி தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல் உடம்பை மட்டும் காட்டுவதுதான் வழி.

பாதத்தை ஒட்டிச் சேர்க்க நினைத்தால் பாதம் மட்டும் போதாது. சலங்கை, செம்பஞ்சுக் குழம்பு பூசிய விரல்கள், பாதம் தரையைத் தொடும் இடத்தில் விழும் நிழல், மெருகேற்றிய மரத்தளத்தில் தெரியும் மங்கலான பிரதிபலிப்பு எல்லாம் சேர்ந்து வர வேண்டும். நிழல் தவறினால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். பக்கத்துப் பிரேமில் தரையோடு சேர்த்து முழுத் துண்டாகக் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

கையைச் சேர்ப்பதை ஒரு படத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நான் செய்த ஒன்றையே சொல்கிறேன். தில்லானாவின் கடைசிப் பகுதி. நடனமணி நிமிர்ந்து நின்றதால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்திருந்தேன். அவள் சட்டென்று அரைமண்டியில் அமர்ந்து இரண்டு கையையும் விரித்தாள். விரித்த கைகளின் அகலம் பிரேமுக்குள் அடங்கவில்லை. நொடிக்கு 8 படம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது பிரேமில் முகம் பிரமாதம், வலது கை முழுசாக இருக்கிறது, இடது கை உள்ளங்கையின் நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. மூன்றாவது பிரேமில் கேமரா கொஞ்சம் மறுபக்கம் திரும்பியிருந்ததால் இடது கை முழுசாகவும் வலது கை வெட்டுப்பட்டும் விழுந்திருந்தது. அதில் கண் பாதி மூடியிருந்தது. இரண்டுக்கும் இடையே நொடியில் எட்டில் ஒரு பங்குதான் வித்தியாசம். கை ஏற்கனவே நிலைக்கு வந்து நின்றுவிட்டதால் இரண்டிலும் முத்திரை ஒன்றுதான்.

முதல் வேலை, இரண்டு ரா கோப்புகளையும் ஒரே மாதிரி டெவலப் செய்வது. ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், லென்ஸ் திருத்தம் எல்லாம் நான்காவதிலிருந்து மூன்றாவதற்கு அப்படியே நகல். நாய்ஸ் குறைப்பதை இந்தக் கட்டத்தில் செய்யாதீர்கள். ஒட்டி முடித்தபின் மொத்தப் படத்துக்கும் சேர்த்துச் செய்தால்தான் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும்.

பிறகு நான்காவது பிரேமைத் திறந்து, `Canvas Size` மூலம் இடது கை இருக்கும் பக்கம், அதாவது படத்தின் வலது ஓரத்தில், 500 பிக்சல் கூட்டினேன். கையில் விடுபட்டது சுமார் 300 பிக்சல். மீதி 200, விரல் நுனிக்கும் ஓரத்துக்கும் நடுவில் மூச்சுவிட இடம். படம் 4500 × 6000 ஆனது.

மூன்றாவது பிரேமை மேலே ஒரு லேயராக வைத்து, லேயரின் பிளெண்டிங்கை `Difference` ஆக்கினேன். இரண்டு படமும் பொருந்தும் இடம் கறுப்பாகும். எதை வைத்துப் பொருத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முகத்தையோ உடம்பையோ பொருத்த வேண்டியதில்லை, அவை அசைந்திருக்கும். பொருந்த வேண்டியது இணைக்கப்போகும் முன்கை மட்டும். லேயரை நகர்த்தி, ஒரு டிகிரி அளவுக்குத் திருப்பி, முன்கையின் மேல்கோடும் கீழ்க்கோடும் கறுப்பாகும் வரை கொண்டுவந்தேன். பெரிதாக்கவோ சிறிதாக்கவோ தேவைப்படவில்லை. இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் அளவை மாற்ற வேண்டியிருந்தால், அந்தக் கை கேமராவுக்கு வேறு தூரத்தில் இருந்தது என்று அர்த்தம். அந்தப் பிரேம் உதவாது.

இணைப்பு எங்கே? விடுபட்டது பாதி உள்ளங்கைதான் என்றாலும் பாதி உள்ளங்கையை மட்டும் ஒட்டக் கூடாது. உள்ளங்கையின் நடுவில் கோடு போட்டால் ரேகை, தோல் நிறம், நிழல் எல்லாம் அங்கே முட்டும். வளையல்களோடு சேர்த்து முழுக் கையையும் மூன்றாவது பிரேமிலிருந்து எடுத்து, வளையலின் முழங்கைப் பக்க விளிம்பில் இணைப்பை வைத்தேன். வளையலின் ஓரம் ஏற்கனவே ஒரு இயற்கையான கோடு. அதன் பின்னால் நிழலும் உண்டு. லேயர் மாஸ்கில் அந்த விளிம்பு ஓரமாக, இரண்டு மூன்று பிக்சல் மென்மையுள்ள பிரஷால் வரைந்தேன்.

கையோடு அதன் பின்னாலிருந்த திரையையும் கீழேயிருந்த தரையையும் மூன்றாவது பிரேமிலிருந்தே எடுத்தேன். கறுப்புத் திரைதானே, கறுப்பைப் பூசிவிடலாம் என்று தோன்றும். மேடைத் திரை கறுப்பே அல்ல. மடிப்புகளும், விளக்கிலிருந்து கசியும் நீலமோ சிவப்போ அதில் இருக்கும். வெறும் கறுப்பைப் பூசினால் அச்சில் அது பட்டையாகத் தெரியும்.

கடைசியில் நிறம். எல்.இ.டி மேடை விளக்குகள் நொடிக்கு நொடி மாறும். பக்கத்துப் பக்கத்துப் பிரேமிலேயே ஒன்றில் தோல் சற்று ஊதா அடித்திருக்கும். கை லேயரின் மேல் மட்டும் வேலை செய்யும்படி ஒரு `Curves` வைத்து, முன்கையின் நிறத்தோடு ஒத்துப்போகும் வரை சரிசெய்தேன். மொத்தம் 40 நிமிட வேலை. பக்கத்துப் பிரேம் சரியாக அமைந்ததால்தான் அவ்வளவில் முடிந்தது.

அண்ணா, மறுகைதான் முழுசாக இருக்கிறதே. அதை மிரர் செய்து ஒட்டினால் போதாதா?

வலது கையை மிரர் செய்தால் இடது கை மாதிரியே வரும், கட்டைவிரலும் சரியான பக்கம் விழும். அதனால்தான் இது ஆசை காட்டும். ஆனால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலாவது வெளிச்சம். மேடையில் பிரதான விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். வலது கையின் எந்தப் பக்கம் வெளிச்சமோ, மிரர் செய்ததும் அது தலைகீழாகும். விளக்கு இருக்கும் திசையில் கை இருண்டு, இருண்டிருக்க வேண்டிய பக்கம் மின்னும். இரண்டாவது மோதிரம், வளையல்கள். இரண்டு கையிலும் ஒரே எண்ணிக்கை இருக்காது. ஒரே கல் இரண்டு கையிலும் ஒரே மாதிரி மின்னினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும்.

மூன்றாவதுதான் பெரிது. இரண்டு கையும் ஒரே முத்திரைதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தொழிலுக்கு வந்த புதிதில் நானே இப்படிச் செய்தேன். வலது கையில் திரிபதாகம் தெளிவாக இருந்தது. இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. மிரர் செய்து ஒட்டினேன், பார்க்கவும் நன்றாக இருந்தது. ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் குருவிடம் காட்டினோம். குரு அம்மா படத்தைப் பார்த்ததும், "இந்தக் கை எங்கள் பாணியில் அலபத்மம் ஆயிற்றே, குழந்தை ஏன் திரிபதாகம் பிடித்திருக்கிறாள்?" என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்டார். அவள் சரியாகத்தான் ஆடியிருந்தாள். என் ஒட்டுவேலைக்கு அவள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மிரர் செய்வதில்லை.

பர்ஸ்டில் எடுக்கவில்லை. அதே நிகழ்ச்சியில் பத்து நிமிடம் கழித்து அதே அடவு வந்தபோது எடுத்த படம் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கலாமா?

குடும்ப ஆல்பத்துக்கு மட்டும், அதுவும் நடனமணியிடமோ குருவிடமோ இரண்டு படத்தையும் காட்டி ஒரே முத்திரைதான் என்று உறுதி செய்துகொண்டபின். அதற்குமுன் லென்ஸின் நீளம், அவள் நின்ற இடம், விளக்கின் நிறம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். நடுவில் உடை மாற்றியிருந்தால் வளையலே மாறியிருக்கலாம். பத்து நிமிடத்தில் வியர்வையும் கூடியிருக்கும், தோலின் பளபளப்பு மாறும். இத்தனையும் ஒத்துப்போன படம் அபூர்வம். பெரும்பாலும் நான் அந்த இரண்டாவது படத்தையே ஆல்பத்தில் வைத்துவிடுவேன்.

ஒட்டினது வெளியே தெரிகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் இணைப்பை 100 சதவீதத்தில் பாருங்கள். பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். 100 சதவீதத்தில் தெரியாத அளவுப் பிழை சுருக்கினால் தெரியும். கை பெரிதா சிறிதா என்ற சந்தேகம் வந்தால் முகத்தை வைத்து அளக்கலாம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள நீளம், தாடையிலிருந்து முடி தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கை கேமராவை நோக்கி நீண்டிருந்தால் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் இருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவரும். பரதத்தில் தலைச்சாமான் முடியை மறைத்திருக்கும் என்பதால் நெற்றிச்சுட்டியின் மேல்முனையை உத்தேசமாக வைத்துக்கொள்வேன்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு `Curves` லேயர் வைத்து நிழல் பகுதியைத் தாறுமாறாக ஏற்றுங்கள். படம் அசிங்கமாகும், பரவாயில்லை. கறுப்புத் திரையில் நீங்கள் ஒட்டிய பகுதியின் ஓரம் தனியாகக் கோடு போட்ட மாதிரி எழுந்து நின்றால், அது சில திரைகளிலும் அச்சிலும் தெரியப்போகிறது என்று பொருள். மாஸ்கைச் சரிசெய்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடுங்கள். என் மானிட்டரில் தெரியாத பட்டை, வாடிக்கையாளர் வீட்டு டிவியில் பளிச்சென்று தெரிந்ததுண்டு.

கடைசியாகப் படத்தை இடம் வலமாகத் திருப்பி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். வேலை செய்த கண் பழகிப்போயிருக்கும். திருப்பினால் புதுப் படமாகத் தெரியும்.

நடனமணி முழுசாக இருக்கிறாள். ஆனால் ஓரத்தில் நட்டுவனாரின் கையோ, முன்வரிசையில் மொபைல் பிடித்தவரின் முழங்கையோ எட்டிப் பார்க்கிறது. அதை அழிப்பதா, வெட்டுவதா?

நடனமணியின் கைகால்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். ஓரத்தில் நுழைந்த முழங்கைக்குக் கிராப்பைவிடச் சுத்தமான வழி கிடையாது. வெட்டினால் அவளுடைய விரல் நுனி ஓரத்தை ஒட்டிவிடும் என்றால் மட்டும் அழிக்க யோசிக்கலாம். பின்னால் இருப்பது வெறும் திரை என்றால் `Content-Aware Fill` போதும். முழங்கை அவளுடைய பாவாடை மடிப்பின் மேல் விழுந்திருந்தால் அந்தக் கருவி மடிப்பைக் குழப்பிவிடும்.

நட்டுவனாரின் கையும் தாளமும் வேறு விஷயம். அவர் நிகழ்ச்சியின் ஆள், அழிக்க வேண்டியதில்லை. பாதிக் கை கண்ணை இழுத்தால் அந்த மூலையை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கிவிடுவேன். பளபளக்கும் தாளத்தின் வெளிச்சம் அடங்கினாலே கண் முகத்துக்குத் திரும்பிவிடும்.

ஒட்டிச் சேர்த்த படத்தைப் போட்டிக்கோ பத்திரிகைக்கோ அனுப்பலாமா?

கூடாது. செய்திப் படத்திலும் ஆவணப் படப் போட்டிகளிலும் கிராப்புக்கு அனுமதி உண்டு. எதையும் சேர்க்கவும் நீக்கவும் அனுமதி இல்லை. இதற்கு உலகமே அறிந்த ஓர் உதாரணம் ஒரு பாதத்தைப் பற்றியதுதான். 2010-ல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில், உக்ரைனைச் சேர்ந்த ஸ்டீபான் ருடிக் கீவ் நகரத் தெருச்சண்டைகளைப் பற்றி எடுத்த படத்தொகுப்பு விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றது. அதில் ஒரு படத்தில், கைக்குத் துணி சுற்றும் காட்சியில், விரல்களின் இடைவெளியில் பின்னால் நின்ற ஒருவரின் பாதத்தின் சிறு பகுதி தெரிந்தது. அதை அவர் எடிட்டிங்கில் நீக்கியிருந்தார். ரா கோப்புகளைக் கேட்டுப் பார்த்தபோது அது வெளிப்பட்டு, பரிசு ரத்தானது. அந்தப் படத்தை அவர் மிகவும் உள்ளே கிராப் செய்து, கறுப்பு வெள்ளையாகவும் மாற்றியிருந்தார். அதற்காகப் பரிசு போகவில்லை. பாதத்தின் அந்தச் சிறு துண்டுக்காகத்தான் போனது.

ஆகவே படம் எங்கே போகும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று கிராப் மட்டும் செய்தது, மற்றொன்று ஒட்டியது. ஒட்டியதன் கோப்புப் பெயரிலேயே அதைக் குறித்துவிடுங்கள். நான் `_ottu` என்று சேர்ப்பேன். ரா கோப்பை அழிக்காதீர்கள். குடும்பத்தாரிடமும், இந்தக் கை முந்தைய பிரேமிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் அதே படத்தை ஏதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும்போது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தில் கை முழுசாகத்தான் இருந்தது. ஆல்பம் வந்தபோது விரல் நுனி காணோம். என்ன நடந்தது?

அச்சகத்தில் ஓரத்தை ட்ரிம் செய்வார்கள். பொதுவாக அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டர் அளவு போகும். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அது கிட்டத்தட்ட 38 பிக்சல். விரல் நுனி ஓரத்திலிருந்து 30 பிக்சலில் இருந்தால் அது போய்விடும். நானாக இருந்தால் நுனிக்கும் ஓரத்துக்கும் குறைந்தது அரை அங்குலம் விடுவேன். மேலே சொன்ன படத்தில் 200 பிக்சல் இடம் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

12 × 36 ஆல்பத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு, நடுமடிப்பு. படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போடும்போது மணிக்கட்டு சரியாக மடிப்பில் விழுந்தால், கேமராவில் முழுசாக இருந்த கை அங்கே மடிந்து உடையும். மடிப்பு வெறும் திரையில் விழும்படி படத்தை நகர்த்துங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போதே இதைத் தவிர்க்க வழி உண்டா?

உண்டு. ஒத்திகைக்குப் போங்கள். எந்த இடத்தில் கை விரியும், எந்தப் பக்கம் கால் நீளும் என்று ஒரு தடவை பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஜதி ஓடும்போது கேமராவைக் கிடைமட்டமாக, அவளைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு இடம் விட்டுப் பிடியுங்கள். அபிநயத்துக்கு வரும்போது செங்குத்தாக்கி நெருங்கலாம். ஜதியை முடித்துவைக்கும் தீர்மானம் முடியும் இடத்தில் விரலை எடுக்காமல் நாலைந்து பிரேம் ஓடவிடுங்கள். ஒன்றில் போன கை இன்னொன்றில் இருக்கும்.